மரத்த காலுக்குச் செருப்பு: கீமோ எடுத்தவர்கள் அளவு பார்ப்பது எப்படி?

கீமோ சிகிச்சைக்குப் போகிறவர்கள் முடி கொட்டும், வாந்தி வரும் என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொள்கிறார்கள். கால் மரத்துப்போகும் என்பது பலருக்கும் அது வந்த பிறகுதான் தெரிகிறது. முதலில் விரல் நுனிகளில் ஒரு மதமதப்பு. அப்புறம் உள்ளங்காலில் பஞ்சு வைத்துக் கட்டியது போல ஒரு தடிப்பு. சிலருக்கு ஊசி குத்தும், எரியும். சிலருக்கு எந்த வலியும் கிடையாது, உணர்ச்சி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். இந்தக் கடைசி வகையினர்தான் ஆபத்தில் முன்னால் நிற்கிறார்கள். வலிக்காத காலை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

நாகர்கோவில் பக்கம் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். ஆசாரிபள்ளம், நெய்யூர், திருவனந்தபுரம் ஆர்.சி.சி. என்று பல இடங்களில் மருந்து ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புகிறவர்களின் கால்களைப் பார்க்கிறேன். அவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி, "என்ன செருப்பு போடலாம்?" என்பது. ஒரு செருப்பின் பெயரைச் சொல்லிப் பதிலை முடித்துவிட முடியாது. மரத்த கால், செருப்பு சரியாக இருக்கிறதா இல்லையா என்று சொல்லாது, சொன்னாலும் தப்பாகச் சொல்லும். அதனால் அளவைக் கண்ணாலும் கையாலும் பார்க்க வேண்டியிருக்கிறது. செருப்பு ஒத்துப்போகிறதா என்பதைத் தினமும் காலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். இந்த இரண்டையும் எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

மரத்த காலும் நோகும் காலும்

பேக்லிடாக்சல், டோசிடாக்சல், ஆக்சாலிபிளாட்டின், சிஸ்பிளாட்டின், வின்கிரிஸ்டின், போர்டிசோமிப் போன்ற மருந்துகள் நரம்புகளைத் தாக்கக்கூடியவை. உடம்பில் நீளமான நரம்புகள் இடுப்பிலிருந்து கால்விரல் வரை போகின்றன. நரம்பு நீளமாக இருக்க இருக்க அதன் நுனிதான் முதலில் பாதிக்கப்படும். அதனால்தான் இந்தத் தொந்தரவு இரண்டு காலிலும் ஒரே மாதிரி விரல்களில் தொடங்கி, சாக்ஸ் போடும் இடம் வரை மெல்ல ஏறுகிறது. ஒரு காலில் மட்டும் மரத்தால் அது வேறு காரணமாக இருக்கலாம், மருத்துவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும்.

சிஸ்பிளாட்டின், ஆக்சாலிபிளாட்டின் எடுத்தவர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கடைசி டோஸ் முடிந்த பிறகும் இரண்டு மூன்று மாதம் வரை மரத்தல் கூடிக்கொண்டே போகலாம். "சிகிச்சைதான் முடிஞ்சுபோச்சே" என்று பழைய செருப்புக்குத் திரும்புவது பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே மரத்தல் தெரிந்தால் அடுத்த டோசுக்கு முன் சொல்லிவிடுங்கள். மருத்துவர் அளவைக் குறைக்கலாம், இடைவெளி விடலாம். சொல்லாமல் தாங்கிக்கொள்வதால் ஒரு பயனும் இல்லை.

நோகும் கால் வேறு. கேப்சிடபின் மாத்திரை எடுப்பவர்களுக்கு இது அதிகம் வரும். இங்கே தொந்தரவு நரம்பில் இல்லை, தோலில். உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, வீங்கி, எரிந்து, பிறகு தோல் உரியும். சிலருக்குக் கொப்புளம் போடும். அழுத்தம், உரசல், சூடு மூன்றும் இதைக் கூட்டும். இப்படிப்பட்ட காலுக்கு மெத்தென்ற அடிப்பாகம், தளர்வான மேல்பாகம், மெல்லிய பருத்திச் சாக்ஸ் வேண்டும். நீண்ட நடையும் வெந்நீர்க் குளியலும் கூடாது. இது வந்த காலில் வலி இருக்கிறது. செருப்பு கடித்தால் உடனே தெரிந்துவிடும், அவர்களே கழற்றிவிடுவார்கள். நடக்கவே வலிக்கும் அளவுக்குப் போனால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு போன் செய்ய வேண்டும். மாத்திரையைச் சில நாள் நிறுத்தச் சொல்வார்கள்.

மரத்த காலுக்கு இந்த எச்சரிக்கை மணி கிடையாது. அதனால் கட்டுரையின் மீதியை அதற்கே ஒதுக்குகிறேன். அளவு பார்க்கும் முறையும் தினசரிப் பார்வையும் நோகும் காலுக்கும் அப்படியே பொருந்தும்.

உணர்ச்சி எவ்வளவு இருக்கிறது என்று வீட்டிலேயே பார்ப்பது

இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊரின் மருத்துவமனையில் சர்க்கரை நோயாளிகளுக்காக உருவாக்கிய ஒரு எளிய சோதனை உண்டு. கருவி எதுவும் வேண்டாம், ஒரு விரல் போதும். பார்க்கப்படுபவர் படுத்துக்கொண்டு கண்ணை மூட வேண்டும். வீட்டில் இன்னொருவர் ஆட்காட்டி விரலின் நுனியால் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை மிக லேசாகத் தொட வேண்டும். இரண்டு காலிலும் சேர்த்து 6 இடம். ஒவ்வோர் இடத்திலும் ஒன்றிரண்டு விநாடி போதும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, குத்தக் கூடாது. தொட்டது தெரிந்தால் "வலது", "இடது" என்று சொல்லச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் மறுபடி தொட்டுப் பார்க்க வேண்டாம். 6 இடத்தில் 2 அல்லது அதற்கு மேல் தெரியாமல் போனால் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். மருத்துவரின் பரிசோதனைக்கு இது மாற்று ஆகாது. ஆனால் செருப்பு விஷயத்தில் இனி காலின் பேச்சை நம்பலாமா என்று முடிவு செய்ய இது போதும்.

சித்தியின் செருப்பு

திருவட்டார் பக்கம் இருக்கும் என் சித்திக்கு மார்பகப் புற்றுநோய்க்காகப் பேக்லிடாக்சல் வாரம் ஒன்றாக ஏற்றினார்கள். பாதி ஊசிகள் தாண்டியபோது விரல் மரக்கத் தொடங்கியது. "செருப்பு காலுல கிடக்கா இல்லியான்னே தெரியல மக்கா, திரும்பிப் பாத்தா அது முற்றத்துல கிடக்கு" என்றார். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் வார் போகும் ரப்பர்ச் செருப்புதான் அவர் எப்போதும் போடுவது. அந்தச் செருப்பை விரலால் கவ்விப் பிடித்தால்தான் நடக்க முடியும். மரத்த விரல் கவ்வாது. செருப்பு கழன்று போவது ஒருபக்கம். வார் விரலிடுக்கை அறுத்துக்கொண்டே இருந்தாலும் தெரியாது என்பது இன்னொரு பக்கம்.

அவருடைய இரண்டு காலையும் தாளில் வரைந்தேன். எப்படி வரைவது என்பது முக்கியம். சாயங்காலம் வரைய வேண்டும், பகல் முழுக்க நடந்து காலில் நீர் இறங்கிய பிறகு. டோசிடாக்சல் எடுப்பவர்களுக்கும் மருந்தோடு ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் இந்த வீக்கம் கூடுதலாக இருக்கலாம். உட்கார்ந்து வரையக் கூடாது. இரண்டு காலிலும் சமமாக எடையை வைத்து நிற்க வேண்டும், ஏனென்றால் எடை இறங்கும்போது பாதம் நீளவும் விரியவும் செய்யும். பேனாவை நேராக நிறுத்திப் பிடிக்க வேண்டும். உள்ளே சாய்த்துப் பிடித்தால் படம் சிறிதாகிவிடும். தானே குனிந்து வரைந்தால் எடை ஒரு பக்கம் சாயும், அதனால் இன்னொருவர் வரைவதுதான் நல்லது.

சித்தியின் வலது கால் 23.2 சென்டிமீட்டர், இடது 23.7. இரண்டு காலும் ஒரே அளவில் இருப்பவர்கள் குறைவு, பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும். விரல்கள் தொடங்கும் இடத்தில், அதாவது பாதம் அதிகம் அகலமாக இருக்கும் இடத்தில், இடது கால் 9.8. அவருடைய பழைய செருப்பைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தோம். நீளம் 24, அந்த இடத்தின் அகலம் 8.9. நீளத்துக்குள் கால் எப்படியோ அடங்கிவிட்டது. அகலத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கால் வெளியே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. சுண்டுவிரலுக்குக் கீழே பாதத்தின் ஓரம் காய்த்துப்போயிருந்ததற்கு அதுதான் காரணம்.

நிற்கும்போது நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல், அதாவது கைக் கட்டைவிரலின் அகலம் அளவுக்கு இடம் வேண்டும். நடக்கும்போது பாதம் முன்னால் நகரும், அதற்காகத்தான் இந்த இடம். சிலருக்கு இரண்டாம் விரல் பெருவிரலைவிட நீளம். அப்படி இருந்தால் அங்கிருந்து அளக்க வேண்டும். ஆக, சித்திக்குச் செருப்பின் உள் நீளம் 25 சென்டிமீட்டர், உள் அகலம் குறைந்தது 9.8. இந்த இரண்டு எண்ணையும், வெட்டி எடுத்த தாள் பாதத்தையும் எடுத்துக்கொண்டு மார்த்தாண்டத்தில் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் எடுத்துத் தந்த முதல் ஜோடியைப் போட்டதும் சித்தி, "இது கச்சிதமா இருக்கு" என்றார். தாளை உள்ளே வைத்தோம். பக்கவாட்டில் மடங்கியது. உள் நீளம் 24.2 மட்டுமே இருந்தது, விரலுக்கு முன்னால் அரை சென்டிமீட்டர். அடுத்த நம்பரில் தாள் நீளத்தில் சரியாகக் கிடந்தது, ஆனால் அகலம் கொஞ்சம் பிடித்தது. வேறொரு கம்பெனியின் அதே நம்பரில்தான் இரண்டும் பொருந்தின. அதைப் போட்டுப் பார்த்த சித்திக்குத் திருப்தி இல்லை. "இது லூசா இருக்கே, வேண்டாம்" என்றார்.

இதைத்தான் மரத்த கால் எல்லோரிடமும் செய்கிறது. இறுக்கமான செருப்பு தோலை நன்றாக அழுத்துவதால் அந்த அழுத்தம் மட்டும் கொஞ்சம் தெரிகிறது. தெரிவதால் "பொருந்துகிறது" என்று மனசு முடிவு செய்துவிடுகிறது. சரியான அளவுள்ள செருப்பு எதையும் அழுத்தாது, அதனால் ஒன்றுமே தெரியாது, லூசாக இருப்பதாகத் தோன்றும். உணர்ச்சி குறைந்தவர்கள் தொடர்ந்து சின்ன அளவையே தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இதுதான். கடையில் காலையும் கேட்காதீர்கள், கம்பெனி போட்ட நம்பரையும் நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் 6 இன்னொன்றின் 7 ஆக இருக்கும். தாள் பாதம் மடங்காமல் உள்ளே படுக்கிறதா, முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் மிச்சம் இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

எதை வாங்குவது

அளவு சரியான பிறகு வகை. குதிகாலுக்குப் பின்னால் வார் இருக்க வேண்டும், அப்போதுதான் விரலால் கவ்வாமலேயே செருப்பு காலோடு வரும். மேலே உள்ள வார் வெல்க்ரோவாக இருந்தால் காலையில் இறுக்கியும் சாயங்காலம் வீக்கத்துக்குத் தளர்த்தியும் வைக்கலாம். கையும் மரத்திருப்பவர்களுக்கு பக்கிள் மாட்டுவது பெரிய பாடு, வெல்க்ரோ எளிது. உள்ளே கையை விட்டு எல்லாப் பக்கமும் தடவிப் பாருங்கள். தடித்த தையல், ஆணி முனை, பசை காய்ந்த கட்டி எதுவும் இருக்கக் கூடாது.

அடிப்பாகத்துக்கு எம்.சி.ஆர். எனப்படும் நுண்துளை ரப்பர் நல்லது. தொழுநோயால் கால் மரத்தவர்களுக்காக, மருத்துவர் பால் பிராண்டும் அவரோடு பணியாற்றியவர்களும் வேலூரில் இந்த ரப்பரைச் செருப்புக்குப் பயன்படுத்தினார்கள். பிறகு சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் அது வந்தது. நம் ஊரில் "சுகர் செருப்பு" என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். நோயின் பெயர் வேறாக இருந்தாலும் மரத்த காலுக்குத் தேவைப்படுவது அதேதான். கால் படும் பக்கம் மெத்தென்ற எம்.சி.ஆர்., தரையில் படும் பக்கம் கடினமான ரப்பர், இரண்டும் வேண்டும். கட்டைவிரலால் மேல் பக்கத்தை அழுத்தினால் அமுங்கி, விட்டதும் எழும்ப வேண்டும். கீழ்ப் பக்கம் முள் ஏறாத அளவுக்கு உறுதியாக இருக்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். மெத்தை அதிகமானால் நல்லது என்று நினைத்து மூன்று விரல்கடை உயரமுள்ள பஞ்சு அடியை வாங்கிவிடுகிறார்கள். பாதம் மரத்தவருக்குத் தரை எப்படி இருக்கிறது என்ற செய்தி ஏற்கெனவே அரைகுறையாகத்தான் மூளைக்குப் போகிறது. தடித்த மெத்தை அதையும் மறைத்துவிடும். திரும்பும்போது தள்ளாடும், படியில் கால் பிசகும். விழுந்து எலும்பு முறிவது கொப்புளத்தைவிடப் பெரிய கேடு. குதிகால் உயரம் 2.5 சென்டிமீட்டருக்குள், அடிப்பாகம் அகலமாக, குதிகாலைச் சுற்றிப் பிடிப்பு உறுதியாக இருந்தால் போதும். கடையில் நான்கு எட்டு நடந்து, நின்று, திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் அந்த ஜோடி வேண்டாம்.

திறந்த செருப்பா, மூடிய ஷூவா என்ற கேள்விக்கு நம் மாவட்டத்தில் ஒரே பதில் சொல்ல முடியாது. இங்கே தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் கிடைக்கிறது. மூடிய ஷூ நனைந்தால் காய நாளாகும். ஈரத்தில் விரலிடுக்கு வெந்து, தோல் வெடிக்கும். ரப்பர்த் தோட்டத்துக்கும் தென்னந்தோப்புக்கும் போகிறவர்களுக்கோ ஈர்க்கு, முள், உடைந்த சிரட்டை எல்லாம் திறந்த செருப்புக்குள் ஏறும். வீட்டுக்கும் டவுனுக்கும் பின்வார் உள்ள திறந்த செருப்பு, தோப்புக்கு விரலை மூடும் செருப்பு என்று இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஒன்று நனைந்தாலும் இன்னொன்று காய்ந்திருக்கும். வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும். அடுக்களையில் கத்தி விழுவதும் கட்டில் காலில் விரல் இடிபடுவதும் வீட்டுக்குள்தான் நடக்கின்றன.

புதுச் செருப்பைப் பழக்குவது

நல்ல அளவில் வாங்கிய செருப்பையும் வாங்கிய அன்றே நாள் முழுக்கப் போடக் கூடாது. முதல் நாள் வீட்டுக்குள் ஒரு மணி நேரம். கழற்றியதும் பாதத்தைப் பார்க்க வேண்டும். அழுத்தத்தின் தடம் சற்று இருக்கத்தான் செய்யும், சீக்கிரம் மறைந்தால் கவலையில்லை. அரை மணி நேரம் கழித்தும் மறையாமல் இருந்தால் அந்த இடத்தில் செருப்பு கடிக்கிறது. காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை மறுபடி போடக் கூடாது. தடம் இல்லாவிட்டால் மறுநாள் இன்னொரு மணி நேரம் கூட்டலாம்.

இதில் நம் தோல் நிறத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். "சிவந்திருக்கிறதா பாருங்கள்" என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். கறுத்த தோலில், அதுவும் பாதத்தின் மேல்பக்கத்தில், சிவப்பு தெரியாது. சுற்றியிருக்கும் தோலைவிடக் கூடுதல் கருமை, ஒரு பளபளப்பு, லேசான வீக்கம் என்றுதான் தெரியும். அதைவிட நம்பகமானது சூடு. புறங்கையை வைத்துப் பார்த்தால் கடிபட்ட இடம் மற்றக் காலின் அதே இடத்தைவிடச் சூடாக இருக்கும்.

சித்தியின் இடது காலில், முதல் நாளே சுண்டுவிரலின் அடியில் இப்படி ஒரு கோடு. முக்கால் மணி நேரமாகியும் போகவில்லை, தொட்டால் சூடு. அவருக்கு எந்த வலியும் இல்லை, "ஒண்ணும் இல்லியே" என்றார். செருப்பின் அதே இடத்தில் விரலை வைத்துத் தேடினோம். வாரின் உள்பக்கத் தையல் தடித்திருந்தது. தக்கலையில் செருப்பு தைப்பவர் அந்தத் தையலைப் பிரித்து, சமமாகத் தைத்து, உள்ளே மெல்லிய தோல் ஒட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு தடம் வரவில்லை. ஒரு வாரத்தில் வெளியே நடக்கத் தொடங்கினார். அந்தக் கோட்டைப் பார்க்காமல் விட்டிருந்தால் கொப்புளமாகி உடைந்திருக்கும். அப்போது அவருக்கு ரத்த வெள்ளணு எண்ணிக்கை குறைவாக வேறு இருந்தது.

தினமும் பார்ப்பது

நேரம் ஒன்றைக் குறித்துவைப்பது நல்லது. சாயங்காலம் கால் கழுவிய பிறகு என்று வைத்தால் செருப்பு அன்று என்ன செய்தது என்று தெரிந்துவிடும். கழுவும் நீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். சூட்டைக் காலால் பார்க்கக் கூடாது, மரத்த கையாலும் கூடாது. முழங்கையால் பாருங்கள், அல்லது வீட்டில் உள்ள இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வெகுநேரம் ஊற வைக்க வேண்டாம். மெல்லிய துணியால் ஒற்றி, விரலிடுக்குகளையும் தனித்தனியாகத் துடைக்க வேண்டும்.

அப்புறம் நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒரே வரிசையில் பாருங்கள், வரிசை மாறாவிட்டால் எந்த இடமும் விட்டுப்போகாது. குதிகாலில் தொடங்கி உள்ளங்கால், பாதத்தின் இரண்டு ஓரம், விரல்களின் நுனி, நகத்தின் ஓரம், ஒவ்வொரு விரலிடுக்கு, கடைசியாக வார் படும் மேல்பக்கம். வெடிப்பு, கொப்புளம், ஈரக்கசிவு, நிறமாற்றம், முள் ஏறிய புள்ளி இவற்றைத் தேடுகிறோம். குனிய முடியாதவர்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துக் காட்டலாம். இப்போது நான் அதிகம் சொல்வது செல்போன் கேமரா. வீட்டில் ஒருவர் இரண்டு உள்ளங்காலையும் படமெடுத்துக் காட்டினால் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஏதாவது தெரிந்தால் நேற்றைய படத்தோடு ஒப்பிடலாம், மருத்துவருக்கும் அனுப்பலாம். சித்திக்கு இதைச் சித்தப்பாதான் செய்கிறார்.

வெள்ளைப் பருத்திச் சாக்ஸ் போட்டால் சின்னக் கசிவும் கறையாகத் தெரியும். கறுப்புச் சாக்ஸ் அதை மறைத்துவிடும். விரல் பக்கம் தையல் தடித்திருந்தால் சாக்சைப் புரட்டிப் போடுங்கள். காலுக்குக் க்ரீம் தடவலாம், விரலிடுக்கில் மட்டும் வேண்டாம், அங்கே ஈரம் தங்கி ஊறிவிடும். நகத்தை நேராக வெட்ட வேண்டும், மூலையைத் தோண்டக் கூடாது. கால் ஆணிக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் கார்ன் கேப்பை ஒட்டாதீர்கள். அதில் இருக்கும் அமிலம் நல்ல தோலையும் சேர்த்து அரிக்கும், அது எரிவது மரத்த காலுக்குத் தெரியாது. பிளேடால் செதுக்குவதும் வேண்டாம்.

செருப்பையும் தினமும் பார்க்க வேண்டும். போடுவதற்கு முன் தலைகீழாகத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவுங்கள். கையும் மரத்திருந்தால் வேறொருவர் தடவட்டும். அப்புறம் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். சித்தியின் செருப்பு அடியில் ஒருமுறை ஈர்க்குத் துண்டு ஒன்று பாதி ஏறி நின்றது. அன்று மேலே வரவில்லை, இன்னும் இரண்டு நாள் நடந்திருந்தால் உள்ளங்காலுக்குப் போயிருக்கும்.

செருப்பைக் கழற்ற வேண்டிய இடங்கள்

கோவிலில் கழற்றியாக வேண்டும், இங்கே பல தேவாலயங்களிலும் வெளியேதான் விடுகிறோம். போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். நோய்க் காலத்தில் மனசு தேடும் இடங்கள் அவை. சுசீந்திரம் போன்ற கல் தரைக் கோவில்களுக்கு வெயில் ஏறும் முன் காலையிலோ, தரை ஆறிய பிறகு இரவிலோ போகலாம். உச்சிவெயிலில் சுட்ட கல்லில் நாலு நிமிடம் நின்றால் மரத்த பாதம் வெந்துபோகும், வீட்டுக்கு வந்து கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். உள்ளே போகும்போது தடித்த சாக்ஸ் போட்டுக்கொள்ளலாம். வழவழப்பான கிரானைட், டைல்ஸ் தரையில் அது வழுக்கும், அதனால் அடியில் ரப்பர்ப் புள்ளிகள் உள்ள சாக்ஸ் நல்லது. கடற்கரை மணலிலும் வெறுங்கால் வேண்டாம். கிளிஞ்சல் கிழித்ததைப் பிறகு உப்புநீர் எரிந்துதான் தெரிந்துகொள்வோம், மரத்த காலில் அந்த எரிச்சலும் இருக்காது.

எப்போது மருத்துவமனை

கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் மூடி, அந்தச் செருப்பை ஒதுக்கி வைத்துவிட்டு, மறுநாளுக்குள் காட்டுங்கள். புண்ணைச் சுற்றிச் சூடும் வீக்கமும் பரவுவது, சீழ், துர்நாற்றம், விரல் கறுப்பது இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே போக வேண்டும். மருந்து ஏற்றும் காலத்தில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் கால் புண் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நேரம் பார்க்காமல் உடனே புற்றுநோய் மருத்துவமனைக்கு போன் செய்யுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து எடுப்பவர்களுக்கு, ஏற்றிய 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளணு மிகவும் குறையும். அப்போது சின்னக் கீறலும் வேகமாக உள்ளே போகும். வெள்ளணு குறைந்த உடம்பில் சீழ் கட்டாமலேயே தொற்று பரவலாம், ஆகவே சீழ் இல்லை என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

சர்க்கரையும் சேர்ந்து இருப்பவர்களுக்கு எல்லாமே ஒரு படி கூடுதல். அவர்களுக்கு ரத்த ஓட்டமும் குறைந்திருக்கலாம், ஆகவே செருப்பு வாங்கும் முன் காலில் நாடித்துடிப்பைப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். விரல் வளைந்தோ, பாத எலும்பு துருத்தியோ இருந்தால் கடைச் செருப்பு எதுவும் பொருந்தாது, கால் அச்செடுத்துச் செய்து வாங்க வேண்டும்.

எரிச்சலும் குத்தலும் தூக்கத்தைக் கெடுத்தால் அதற்கு மருந்து உண்டு, டுலோக்ஸிடின் சிலருக்கு உதவுகிறது. அது வலிக்குத்தான். மரத்துப்போன உணர்ச்சியை அது திரும்பக் கொண்டுவராது, அதனால் வலி குறைந்துவிட்டது என்று காலைப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

மரத்தல் பலருக்கு மாதக்கணக்கில் மெல்லக் குறையும், சிலருக்கு ஓரளவு தங்கிவிடும். அதற்கேற்ப அளவும் மாறும். சிகிச்சை முடிந்து வீக்கம் வடிந்ததும் பாதம் சிறுத்து, முன்பு சரியாக இருந்த செருப்புக்குள் முன்னும் பின்னும் நழுவத் தொடங்கலாம், குதிகாலில் உரசல் தெரியும். அப்போது மறுபடி தாளில் வரைய வேண்டும். எம்.சி.ஆர். அடியும் நாளாக ஆகத் தட்டையாகும். கட்டைவிரலால் அழுத்தி, அமுங்கிய இடம் எழும்பாமல் அப்படியே கிடந்தால், அல்லது குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால், மேல்பாகம் புதிதாகவே இருந்தாலும் மாற்றிவிடுங்கள். சித்தி தன் செருப்பை மழைக்காலம் முடிந்ததும் மாற்றினார். புது ஜோடியையும் முதல் நாள் ஒரு மணி நேரம் போட்டுவிட்டு, கழற்றிச் சித்தப்பாவிடம் காலைக் காட்டினார்.